நாலாவது வயர் அறுந்தால் ஐந்தாவது ஏன் சூடாகிறது?

"அண்ணே, குலசேகரம் பக்கம் எங்க ரப்பர் ஷீட் புகைப்புரையில 14 கே டைப் தெர்மோகப்பிள் போட்டு, ஒரே 4067 மல்டிப்ளெக்சர் வழியா ஒரு ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டு வாறேன். கெயின் 200, அதுக்குப் பிறகு ADS1115 ஏடிசி, செகண்டுக்கு 860 ரீடிங் வேகம். மைனஸ் கால் எல்லாம் 1 வோல்ட் பயாஸ்ல. ஒவ்வொரு சேனலுக்கும் 10 கே, 100 நானோ ஃபில்டர். வயர் அறுந்தா தெரியணும்னு டெர்மினல்ல 5 வோல்ட்டுக்கு 10 மெக் புல்-அப். சேனல் மாத்தி 0.2 மில்லிசெகண்ட் விட்டு ரீடிங் எடுக்கேன். சேனல் 4 அறுந்தா 5 கிட்டத்தட்ட 28 டிகிரி கூடக் காட்டுது. எல்லாம் நல்லா இருக்கும்போதும் எல்லா சேனலும் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல கூடத்தான் காட்டிச்சு. கெப்பாசிட்டரை 1 மைக்ரோ ஆக்கினேன். அந்த ஒரு டிகிரி போச்சு, 28 ஆறாச்சு. 5 மில்லிசெகண்ட் டிலே சேர்த்தா மூணு, அதுக்கு மேல இறங்கல்ல. இன்னொரு கூத்து: சேனல் 5 அறுந்தா 6-க்கு ஒண்ணும் ஆகல்ல, 4 தான் ஒரு டிகிரி ஏறுது. 4067 மூணு மாத்தியாச்சு. விலை கூடுன ஐசி வாங்கணுமா?"

தம்பி, ஐசி வாங்க வேண்டாம். கழற்றி வைத்த மூன்று 4067-உம் நல்லவைதான், பத்திரமாக எடுத்து வையுங்கள். பதினான்கு ரெசிஸ்டரை மாற்றி, கோடில் சில வரி சேர்த்தால் போதும். ஆனால் ஏன் என்று தெரியாமல் மாற்றினால் அடுத்த போர்டில் இதே இடத்தில் மறுபடி வந்து நிற்பீர்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை எடுத்துவிடுவோம். 4067-ன் டேட்டாஷீட்டில் கிராஸ்டாக் என்று டெசிபெல்லில் ஒரு எண் இருக்கும். அது மெகாஹெர்ட்ஸ் அளவில் ஓடும் சிக்னல், திறந்திருக்கும் ஸ்விட்சின் சின்ன கெப்பாசிட்டன்ஸ் வழியே பக்கத்துச் சேனலுக்குக் கசிவதைச் சொல்வது. உங்கள் புகைப்புரையில் சூடு மாற நிமிடக்கணக்கு ஆகும். அந்த வேகத்தில் அந்த வழியாக எதுவும் கசியாது. நீங்கள் பார்ப்பது கசிவே இல்லை, அது முந்தைய சேனலின் மிச்சம்.

மல்டிப்ளெக்சரின் பொதுக்காலில் ஒரு கெப்பாசிட்டர் ஒளிந்திருக்கிறது. யாரும் அதை வாங்கி வைக்கவில்லை. பதினாறு ஸ்விட்சுகளின் ஒரு பக்கமும் அந்தக் காலில் வந்து சேர்வதால் தானாகவே அங்கே உண்டாவது அது. 74HC4067-க்கு அது 45 பிகோஃபாரட் அளவில் வரும். ஆம்ப்ளிஃபயரின் இன்புட், போர்டில் ஓடும் தடம் எல்லாம் சேர்த்து 60 என்று வைத்துக்கொள்வோம். இந்த 60 பிகோஃபாரட் ஒரு கரண்டி மாதிரி. புளிசேரியில் முக்கிய கரண்டியைக் கழுவாமல் அடைப்பிரதமனில் விட்டால் என்ன ஆகும்? சேனல் 4-ல் என்ன வோல்டேஜ் இருந்ததோ, அதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய் சேனல் 5-ல் கொட்டும்.

எவ்வளவு கொட்டுகிறது என்று பார்க்கலாம். சேனல் 4 அறுந்துவிட்டால் 10 மெக் புல்-அப் அந்தக் கெப்பாசிட்டரை மெல்ல மெல்ல 5 வோல்ட்டுக்கு ஏற்றிவிடும். மற்ற சேனல்கள் எல்லாம் 1 வோல்ட்டையொட்டி நிற்கின்றன. வித்தியாசம் 4 வோல்ட். 60 பிகோஃபாரட்டை 4 வோல்ட்டால் பெருக்கினால் 240 பிகோகூலம். சேனல் 5-ன் ஃபில்டர் கெப்பாசிட்டர் 100 நானோஃபாரட். அதில் 240 பிகோகூலம் விழுந்தால் 2.4 மில்லிவோல்ட் ஏறும். கே டைப்பில் ஒரு டிகிரிக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட்தான். ஆக ஸ்விட்ச் மூடிய அந்தக் கணத்தில் சேனல் 5-ல் கிட்டத்தட்ட 58 டிகிரி பொய்.

அந்தப் பொய் 10 கே வழியே தெர்மோகப்பிளுக்குள் வடிய வேண்டும். 10 கே, 100 நானோ என்றால் டைம் கான்ஸ்டன்ட் 1 மில்லிசெகண்ட். நீங்கள் 0.2 மில்லிசெகண்ட் விட்டு ரீடிங்கைத் தொடங்குகிறீர்கள். 860 வேகத்தில் ADS1115 ஒரு ரீடிங்குக்கு எடுப்பது சுமார் 1.16 மில்லிசெகண்ட். அது ஒரு கணத்தைப் படம் பிடிப்பதில்லை, அந்த நேரம் முழுவதையும் சராசரி எடுக்கிறது. வடிந்துகொண்டிருக்கும் 58-ஐ 0.2-லிருந்து 1.36 மில்லிசெகண்ட் வரை சராசரி எடுத்தால் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 28 வருகிறது. நீங்கள் சொன்ன அதே 28.

இப்போது அந்த "எல்லா சேனலும் ஒரு டிகிரி கூட" விஷயம். இது வேறு ஆள். இதைத்தான் சார்ஜ் இன்ஜெக்ஷன் என்பார்கள்.

4067-ன் உள்ளே ஒவ்வொரு ஸ்விட்சும் ஒரு ஜோடி மாஸ்ஃபெட். ஒன்று N-சேனல், மற்றது P-சேனல். ஸ்விட்சை மூடவோ திறக்கவோ அவற்றின் கேட் 0-க்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே துள்ளுகிறது. கேட்டுக்கும் சிக்னல் போகும் பாதைக்கும் இடையே சின்னதாக ஒரு கெப்பாசிட்டன்ஸ் உண்டு. கேட் துள்ளும்போது அது வழியே கொஞ்சம் சார்ஜ் சிக்னல் பக்கம் தள்ளப்படும். இதோடு, ஸ்விட்ச் மூடியிருக்கும்போது மாஸ்ஃபெட்டின் பாதையிலேயே சார்ஜ் தங்கியிருக்கும். திறக்கும்போது அது எங்காவது போயாக வேண்டும், இரண்டு பக்கமும் பிதுங்கி வெளியே வரும். N-சேனலும் P-சேனலும் எதிரெதிராகத் தள்ளுவதால் பெரும்பகுதி கழிந்துபோகும். முழுதாகக் கழியாது. எவ்வளவு மிஞ்சும் என்பது சிக்னலின் வோல்டேஜைப் பொறுத்தும் மாறும். உங்கள் சேனல்கள் எல்லாம் 1 வோல்ட்டையொட்டி நிற்பதால் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் மிஞ்சுகிறது. அதனால்தான் எல்லாமே ஒன்றுபோலக் கூடக் காட்டின.

உங்களுடைய எண்ணிலிருந்தே இதைக் கணக்குப் போடலாம். 1.2 டிகிரி என்று எடுத்துக்கொண்டால் 49 மைக்ரோவோல்ட். முன்பு சொன்ன சராசரி பாதிக்குச் சற்றுக் குறைவு என்பதால் ஆரம்பத் துள்ளல் 100 மைக்ரோவோல்ட். 100 நானோஃபாரட்டால் பெருக்கினால் 10 பிகோகூலம். 5 வோல்ட்டில் ஓடும் ஒரு சாதாரண ஸ்விட்சுக்கு நம்பக்கூடிய எண்தான் இது.

"அது லீக்கேஜாக இருக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். திறந்த ஸ்விட்ச் வழியே கசியும் கரன்ட் 5 நானோஆம்ப் இருந்தால், 10 கே-யில் 50 மைக்ரோவோல்ட், அதே 1.2 டிகிரி வந்துவிடும். ஆனால் லீக்கேஜ் என்பது நில்லாமல் ஓடும் கரன்ட். அதற்குக் கெப்பாசிட்டர் 100 நானோவாக இருந்தால் என்ன, 1 மைக்ரோவாக இருந்தால் என்ன? நீங்கள் 1 மைக்ரோ போட்டதும் அந்த ஒரு டிகிரி மறைந்துவிட்டது என்று சொன்னீர்களே, அந்த ஒரு வார்த்தையில் லீக்கேஜ் தப்பித்துக்கொண்டது. அதே 10 பிகோகூலம் 1 மைக்ரோவில் விழுந்தால் 10 மைக்ரோவோல்ட்தான், கால் டிகிரி. உங்கள் கண்ணில் படாது.

இனி, 1 மைக்ரோ ஏன் பாதி வைத்தியமாக நின்றுவிட்டது என்பதைப் பார்க்கலாம். இந்தச் சிக்கலின் உயிர்நாடியே இதுதான்.

கெப்பாசிட்டரைப் பத்து மடங்காக்கினீர்கள். துள்ளல் பத்தில் ஒரு பங்காயிற்று: 2.4 மில்லிவோல்ட் 240 மைக்ரோவோல்ட் ஆனது. ஆனால் வடிகிற நேரமும் பத்து மடங்காயிற்று, டைம் கான்ஸ்டன்ட் 10 மில்லிசெகண்ட். ஒரு சேனலுக்கு 1.36 மில்லிசெகண்ட், பதினான்கு சேனலுக்கு ஒரு சுற்று 19 மில்லிசெகண்ட். ஒரு சுற்றுக்குள் இரண்டு டைம் கான்ஸ்டன்ட் கூட இல்லை. போன சுற்றில் கொட்டியதில் 15 சதவீதம் இன்னும் உள்ளே இருக்கும்போதே அடுத்த கரண்டி வந்து விழுகிறது. அது குவிந்து குவிந்து 280 மைக்ரோவோல்ட் பக்கம் போய் நிற்கும். ரீடிங்கில் ஆறரை டிகிரி. 5 மில்லிசெகண்ட் டிலே சேர்த்தால் அரை டைம் கான்ஸ்டன்ட்தான் கூடியது, அதனால் மூன்றே கால் டிகிரிக்கு இறங்கியது. அதற்கு மேல் காத்திருக்க உங்களுக்குப் பொறுமை இல்லை. ஐம்பது அறுபது மில்லிசெகண்ட் விட்டிருந்தால் அதுவும் வடிந்திருக்கும்.

துள்ளலின் உயரத்தையும் அது நிற்கும் நேரத்தையும் பெருக்கிப் பாருங்கள். Q/C என்பது உயரம், R×C என்பது நேரம். பெருக்கினால் C அடிபட்டுப் போய்விடுகிறது:

```
(Q / C) × (R × C) = Q × R
```

கெப்பாசிட்டரை எப்படி மாற்றினாலும் பிழையின் மொத்தப் பரப்பு மாறாது. கூட்டினால் குட்டையாகவும் நீளமாகவும் ஆகும், குறைத்தால் நெட்டையாகவும் குறுகலாகவும் ஆகும். பரப்பைக் குறைக்க வேண்டுமென்றால் Q-வில் அல்லது R-இல் கை வைக்க வேண்டும். ஸ்கேன் வேகம் மிகவும் கூடி, சுற்று நேரம் டைம் கான்ஸ்டன்டைவிட ரொம்பச் சின்னதாகிவிட்டால், பிழை ஒரே அளவில் நிலைத்துவிடும்: Q-வை R-ஆலும், ஒரு செகண்டுக்கு எத்தனை சுற்று என்பதாலும் பெருக்கினால் அந்த அளவு கிடைக்கும். அந்த நிலையில் சேனலை மாற்றிவிட்டு எவ்வளவு தள்ளி ரீடிங் எடுக்கிறீர்கள் என்பது பொருட்டே இல்லை. அதனால் இதைக் கண்டுபிடிக்க நல்ல சோதனை ஸ்கேன் வேகத்தை மாற்றிப் பார்ப்பதுதான். புரையில் சூடு மாறாதபோது வேகத்தைப் பாதியாக்குங்கள். டிகிரி மாறினால் சார்ஜ் வேலை. மாறாமல் பிடிவாதமாக நின்றால் லீக்கேஜ், அல்லது ஆம்ப்ளிஃபயரின் ஆஃப்செட்.

இதைத் தெரியாமல் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. குளச்சல் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் எட்டு சேனல் போர்டு ஒன்று. பகலில் நான் லேப்டாப்பில் போட்டுப் பார்க்கும்போது சரியாக இருக்கும், ராத்திரி தனியாக ஓடும்போது ஒன்றரை டிகிரி தள்ளிக் காட்டும். ஈரம், கடல்காற்று, எர்த்து என்று ஒரு வாரம் சுற்றினேன். கடைசியில் பார்த்தால், லேப்டாப் மாட்டியிருக்கும்போது ஒவ்வொரு ரீடிங்கையும் சீரியலில் பிரின்ட் செய்வதால் ஸ்கேன் மெதுவாகிறது. கழற்றிவிட்டால் பாய்ந்து ஓடுகிறது. நான் பார்க்கும்போதெல்லாம் நல்ல பிள்ளையாக இருந்ததற்குக் காரணம் என்னுடைய பிரின்ட் வரிதான்.

சரி, உங்கள் கூத்துக்கு வருவோம். 4 அறுந்தால் 5 ஏறுகிறது, ஆனால் 5 அறுந்தால் 6 ஏறாமல் பின்னால் இருக்கும் 4 ஏறுகிறது. சர்க்யூட்டை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. கோடில் இருக்கிறது. நாலு அட்ரஸ் காலையும் ஒவ்வொன்றாக digitalWrite போட்டு மாற்றுகிறீர்கள், இல்லையா? சின்ன பிட்டில் தொடங்கி?

4-லிருந்து 5-க்குப் போவது என்றால் 0100 என்பது 0101 ஆக வேண்டும். ஒரே ஒரு பிட். கரண்டி நேராக 4-லிருந்து 5-க்குப் போகிறது. ஆனால் 5-லிருந்து 6-க்கு, 0101 என்பது 0110 ஆக வேண்டும். முதலில் கடைசி பிட்டை 0 ஆக்குகிறீர்கள்: 0100. அது சேனல் 4! அடுத்த digitalWrite வருவதற்குள், ஒரு சாதாரண ஆர்டுயினோவில் சில மைக்ரோசெகண்ட், 4067 சேனல் 4-ஐ இணைத்து வைத்திருக்கிறது. ஸ்விட்சின் ரெசிஸ்டன்ஸ் நூறு ஓம் அளவுதான், 60 பிகோஃபாரட் தன்னிடம் இருப்பதைக் கொட்டிவிட நானோசெகண்டுகள் போதும். 5-ன் மிச்சம் முழுவதும் 4-ல் கொட்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் 0110, அதாவது 6, இணைகிறது. 6-க்குப் போய்ச் சேர்வது கழுவிய கரண்டி.

4-ஐ அடுத்து எப்போது படிக்கிறீர்கள்? அடுத்த சுற்றில், சுமார் 16 மில்லிசெகண்ட் கழித்து. அதற்குள் 10 மில்லிசெகண்ட் டைம் கான்ஸ்டன்டில் பெரும்பகுதி வடிந்துவிடும். மிஞ்சுவது ஒன்றேகால் டிகிரி அளவு. 100 நானோ இருந்தபோது இதைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள், பதினாறு டைம் கான்ஸ்டன்டில் எல்லாம் போயிருக்கும். கெப்பாசிட்டரைக் கூட்டியதால் புதிதாக முளைத்த பேய் அது. 7-லிருந்து 8-க்குப் போகும்போது இன்னும் வேடிக்கை: 0111, 0110, 0100, 0000, 1000 என்று 6, 4, 0 மூன்று வீட்டுத் திண்ணையிலும் ஏறி இறங்கிவிட்டுத்தான் 8-க்குப் போகும்.

இதற்கு மருந்து 4067-லேயே இருக்கிறது. அதன் எனேபிள் கால் ஹையாக இருந்தால் பதினாறு ஸ்விட்சும் திறந்திருக்கும். முதலில் அதை ஹை ஆக்கி, அட்ரஸை மாற்றி, பிறகு லோ ஆக்க வேண்டும். உங்கள் மாட்யூலில் அந்தக் காலை நேரே கிரவுண்டில் சேர்த்திருப்பீர்கள். பெரும்பாலும் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு வயரை எடுத்து ஒரு டிஜிட்டல் காலுக்குக் கொண்டுபோங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. 1 மைக்ரோவை எடுத்துவிட்டுப் பழைய 100 நானோவைத் திரும்பப் போடுங்கள். 10 கே ரெசிஸ்டரை எடுத்து 1 கே போடுங்கள். டைம் கான்ஸ்டன்ட் 0.1 மில்லிசெகண்டாகிவிடும். சேனல் மாற்றி 1 மில்லிசெகண்ட் விட்டால் அது பத்து டைம் கான்ஸ்டன்ட், துள்ளல் இருபதாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 58 டிகிரிப் பொய்யும் சரி, சார்ஜ் இன்ஜெக்ஷனின் 2.4 டிகிரித் துள்ளலும் சரி, ADS1115 கண்ணைத் திறக்கும்போது இருக்காது. 1 கே-யையும் எடுத்துவிட்டு நேரே இணைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். நீளமான தெர்மோகப்பிள் வயரில் இடி மின்னல் நேரத்தில் என்ன வரும் என்று சொல்ல முடியாது, ஐசிக்குள் பாயும் கரன்டைக் கட்டுப்படுத்த அந்த 1 கே வேண்டும். 10 மெக் இப்போது இருக்கும் இடத்திலேயே, டெர்மினல் பக்கமே இருக்கட்டும். ரெசிஸ்டருக்கு உள்பக்கம் மாற்றினால் 0.4 மைக்ரோஆம்ப் அந்த 1 கே வழியே ஓடி 0.4 மில்லிவோல்ட், பத்து டிகிரி, நிரந்தரப் பிழையாக வந்து உட்காரும்.

10 கே போட்டதால் 50 ஹெர்ட்ஸ் ஹம் அடங்கியது என்று நீங்கள் நினைத்திருக்கலாம். 10 கே, 100 நானோவின் கட்-ஆஃப் 160 ஹெர்ட்ஸ். அது 50-ஐ ஒன்றும் செய்யவில்லை. ஹம் தொந்தரவு கொடுத்தால் ADS1115-ஐ 8 வேகத்தில் ஓடவிடுங்கள், ஒரு ரீடிங்குக்கு 125 மில்லிசெகண்ட் சராசரி எடுக்கும்போது 50 ஹெர்ட்ஸின் ஆறேகால் அலை அதற்குள் அடங்கி, பெரும்பகுதி கழிந்துபோகும். பதினான்கு சேனலுக்கு இரண்டு செகண்ட் ஆகும். ஷீட் நாலைந்து நாள் தொங்கிப் புகைகிற இடத்தில் செகண்டுக்கு ஐம்பது தடவை சூடு பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள்? உண்மையைச் சொன்னால், உங்கள் சிக்கலில் பாதி இந்த அவசரத்தால் வந்தது.

இரண்டு சேனல் சும்மா கிடக்கிறதல்லவா, 14-உம் 15-உம்? அவற்றை அப்படியே விடாதீர்கள். 15-ஐ ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எதுவுமில்லாமல் நேரே 1 வோல்ட் பயாஸில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு சேனலுக்குப் போகும் முன்பும் ஒரு தடவை 15-ஐத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். கரண்டியைக் கழுவும் தொட்டி அது. 4-ன் 5 வோல்ட் அங்கேயே கொட்டிவிடும், 5-க்குப் போகும்போது கரண்டியில் 1 வோல்ட்தான் இருக்கும். இதில் இன்னொரு லாபம்: அறுந்த சேனலில் ஆம்ப்ளிஃபயர் உச்சத்தில் முட்டி நிற்கும். 200 கெயினில் அது இறங்கி அமைதியாவதற்கும் நேரம் வேண்டும். அதற்கான நேரத்தையும் 15-ல் நிற்கும்போதே கொடுத்துவிடலாம். பயாஸ் வெறும் ரெசிஸ்டர் டிவைடராக இருந்தால் அதற்கு ஒரு ஆப்-ஆம்ப் பஃபர் போடுங்கள், இல்லாவிட்டால் தொட்டித் தண்ணீரே அழுக்காகிவிடும்.

14-ல் மற்றவை போலவே 1 கே, 100 நானோ போட்டு, 10 மெக்கும் வைத்து, தெர்மோகப்பிள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுச் செம்புக் கம்பியால் பயாஸுக்கு ஷார்ட் செய்யுங்கள். அங்கே சரியான விடை பூஜ்யம். அது பூஜ்யம் காட்டாவிட்டால், ஆம்ப்ளிஃபயர் ஆஃப்செட்டும் மிஞ்சிய சார்ஜ் இன்ஜெக்ஷனும் சேர்ந்த பிழை எவ்வளவு என்று அதுவே சொல்லும். மற்ற பதினான்கிலிருந்தும் அதைக் கழித்துவிடலாம். மற்றவற்றைப் படிக்கும் அதே வழியில், அதே டிலேயில் இதையும் படித்தால்தான் இந்தக் கழித்தல் செல்லும்.

கோடு இவ்வளவுதான்:

```
void pick(uint8_t ch) {
  digitalWrite(EN, HIGH);
  for (uint8_t b = 0; b < 4; b++)
    digitalWrite(S[b], bitRead(ch, b));
  digitalWrite(EN, LOW);
}

int16_t readCh(uint8_t ch) {
  pick(15);  delayMicroseconds(300);
  pick(ch);  delayMicroseconds(1000);
  return adcRead();
}
```

EN என்பது எனேபிள் கால், S என்பது நாலு அட்ரஸ் கால்களின் வரிசை, adcRead என்பது உங்களுடைய ரீடிங் எடுக்கும் ஃபங்ஷன். ADS1115-ஐ சிங்கிள்-ஷாட்டில் வைத்து, இந்த டிலே முடிந்த பிறகு தொடங்கச் சொல்ல வேண்டும். தொடர் ஓட்டத்தில் விட்டால், நீங்கள் சேனல் மாற்றும் நேரத்தில் அது நடுவழியில் இருக்கும். இரண்டு சேனலின் கலவையை ஒரே எண்ணாகத் தரும். அதையும் கிராஸ்டாக் என்று நினைத்துக்கொண்டு நாலாவது 4067 வாங்கப் போவீர்கள்.

ரெசிஸ்டர் மாற்ற இப்போது நேரமில்லை என்றால் 15-ம் சேனல் வேலையையும் எனேபிள் வயரையும் மட்டும் செய்து பாருங்கள், 28 உடனே காணாமல் போகும். ஆனால் 10 கே இருக்கும்வரை அந்த ஒரு டிகிரி திரும்ப வரும், ஏனென்றால் கரண்டியைக் கழுவினாலும் கேட் தள்ளும் 10 பிகோகூலம் வரத்தான் செய்யும். அதற்கு 100 நானோவோடு 5 மில்லிசெகண்டாவது காத்திருக்க வேண்டும்.

விலை கூடிய ஐசியைப் பற்றிக் கேட்டதற்காக: ADG1206 என்று 16 சேனல் ஒன்று உண்டு, சார்ஜ் இன்ஜெக்ஷன் 1 பிகோகூலத்துக்கும் குறைவு. நல்ல சரக்கு. ஆனால் அது ±15 வோல்ட், 12 வோல்ட் மாதிரி சப்ளைகளை மனதில் வைத்துச் செய்தது. உங்கள் 5 வோல்ட் போர்டில் அப்படியே உட்காராது. உட்கார்ந்தாலும், பொதுக்கால் கெப்பாசிட்டன்ஸ் தடத்தோடும் ஆம்ப்ளிஃபயரோடும் சேர்த்து 20 பிகோஃபாரட்டாவது இருக்கும். 28 டிகிரி ஒன்பது டிகிரியாகும், அவ்வளவுதான்.

எல்லாம் மாற்றிய பிறகு சேனல் 4-ன் வயரை டெர்மினலில் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் பார்க்காதீர்கள், 10 மெக் அந்த 100 நானோவை ஏற்ற ஒரு செகண்ட் டைம் கான்ஸ்டன்ட், ஐந்தாறு செகண்ட் பொறுங்கள். 5 ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூட அசையக் கூடாது. அடுத்து 5-ஐக் கழற்றி 4-ஐயும் 6-ஐயும் பாருங்கள்.

இதற்குப் பிறகும் சில மாதம் கழித்து எல்லாச் சேனலும் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனால், ஸ்கேன் வேகத்தை மாற்றினாலும் அது அசையாவிட்டால், பெட்டியைத் திறந்து போர்டைப் பாருங்கள். புகைப்புரைப் புகையில் பிசுபிசுப்பாக ஒரு படலம் வந்து எங்கும் ஒட்டும், மழைக்காலத்தில் அது ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். 5 வோல்ட் தடத்திலிருந்து 1 கே-யின் உள்பக்கத்துக்கு அந்தப் படலமே இன்னொரு ரெசிஸ்டராக ஓடும். ஐசோபிரோப்பைல் ஆல்கஹால் தொட்டு பழைய பிரஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, டெர்மினலை விட்டு மற்ற இடமெல்லாம் வார்னிஷ் பூசிவிடுங்கள். பெட்டியைப் புரைச் சுவரில் மாட்டாமல், ஷீட் அடிக்கிற ரோலர் இருக்கும் கொட்டகைப் பக்கம் தள்ளி வைத்தால் இன்னும் நல்லது.